பளபளக்கும் ஸ்டீல் பாட்டிலையும் கண்ணாடி ஜாடியையும் கிளேர் இல்லாமல் படமெடுப்பது எப்படி?

கேள்வி: "ஸ்டீல் தண்ணீர் பாட்டிலும் கண்ணாடி ஜாடியும் ஆன்லைனில் விற்கிறேன். வீட்டிலேயே போனில் படம் எடுத்தால் பாட்டிலில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் புள்ளி, என் உருவம், ஜன்னல் கம்பி எல்லாம் தெரிகிறது. ஜாடி என்றால் பின்னணியோடு கரைந்துபோகிறது. லைட் பாக்ஸ் எதுவும் வாங்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?"

தாராளமாக முடியும். ட்ரேசிங் பேப்பர், வெள்ளை சார்ட், கறுப்பு சார்ட், இரண்டு எல்இடி பல்பு, போனை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட், இவ்வளவு போதும். ஆனால் ஸ்டீலையும் கண்ணாடியையும் ஒரே அமைப்பில் வைத்து எடுக்க நினைக்காதீர்கள். ஸ்டீல் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். கண்ணாடி பெரும்பாலும் தனக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். அதனால் ஸ்டீலுக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். இரண்டில் ஸ்டீல்தான் கஷ்டம் என்பதால் அதை முதலில் விரிவாகச் சொல்கிறேன். அது பிடிபட்டால் ஜாடிக்கு அதே தாள்களை இடம் மாற்றி வைத்தால் போதும்.

பாட்டிலில் தெரியும் அந்த வெள்ளைப் புள்ளி உங்கள் பல்பின் உருவம். பாலிஷ் செய்த ஸ்டீல் ஒரு வளைந்த முகம்பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். பலரும் செய்வது வெளிச்சத்தைக் குறைத்துப் பார்ப்பது. அதனால் பயன் இருக்காது. பல்பு மங்கினால் மற்ற எல்லாமும் சேர்ந்தே மங்கும். போன் உடனே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஏற்றிவிடும், புள்ளி பழையபடி வந்து நிற்கும். பிரதிபலிப்பையே ஒழித்துவிடலாம் என்று நினைப்பதும் சரிவராது. பிரதிபலிப்பு இல்லாத ஸ்டீல் படத்தில் கறுத்துப்போன உலோகமாகத் தெரியும், பார்ப்பவருக்கு அது ஸ்டீல் என்றே தோன்றாது. நாம் செய்ய வேண்டியது வேறு. பிரதிபலிக்கும் பொருள் சின்னதாகவும் கூசுவதாகவும் இருப்பதை மாற்றி, பெரியதாகவும் மென்மையாகவும் ஆக்க வேண்டும். டிஃப்யூசர் செய்வது இதைத்தான். பல்புக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு தாளை நிறுத்தினால், பாட்டில் இனி பல்பைப் பார்க்காது, வெளிச்சம் ஊறிய தாளைத்தான் பார்க்கும். சின்னப் புள்ளி இருந்த இடத்தில் நீளமான, அமைதியான வெள்ளைப் பட்டை வரும். அந்தப் பட்டைதான் ஸ்டீலுக்கு அழகு.

அந்தப் பட்டை எங்கே விழும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். முகம்பார்க்கும் கண்ணாடிமேல் எந்தக் கோணத்தில் பார்க்கிறோமோ அதே கோணத்தில்தான் அது எதிர்ப்புறத்தைக் காட்டும். உருளையான பாட்டிலில் இதன் விளைவு பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். படத்தில் பாட்டிலின் நடுக்கோடு கேமராவைப் பார்க்கிறது. நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ஏழாவது பங்கில் இருக்கும் இடம் நேர் பக்கவாட்டைப் பார்க்கிறது. அதற்கு உள்ளே இருப்பது எல்லாம் கேமரா நிற்கும் பக்கத்து அறையைக் காட்டும், வெளியே மிச்சமிருக்கும் மூன்று பங்கும் பாட்டிலுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும். ஆக ஒரு சாதாரண பாட்டில் கிட்டத்தட்ட முழு அறையையும் தன்மேல் சுருட்டி வைத்துக்கொள்கிறது. பல்பை எவ்வளவு தள்ளி வைத்தாலும், எந்த மூலையில் வைத்தாலும் எங்கோ ஒரு புள்ளியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். பாட்டிலை நேர் பக்கவாட்டில் மட்டும் ஒரு தாளால் மறைத்துவிட்டு நடுப்பகுதி ஏன் இன்னும் அசிங்கமாக இருக்கிறது என்று திகைப்பவர்களுக்கும் பதில் இதுவே. நடுப்பகுதி பார்ப்பது பக்கவாட்டை அல்ல, உங்களை.

எந்தப் புள்ளி எதிலிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. போனை ஸ்டாண்டில் நிறுத்தித் திரையைப் பார்த்துக்கொண்டே, உள்ளங்கை அளவு கறுப்பு அட்டை ஒன்றைப் பாட்டிலைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். அட்டை ஓர் இடத்துக்கு வரும்போது அந்தப் புள்ளி அணையும். அந்த இடத்தில், அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பதுதான் குற்றவாளி. நான் இன்றும் ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் இதைச் செய்துவிட்டுத்தான் விளக்கைத் தொடுகிறேன். ஊகித்து ஊகித்து விளக்கை நகர்த்துவதைவிட இது வேகமாக முடியும்.

டிஃப்யூசருக்கு என்ன தாள் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிடச் சொல்லி நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். துணி, மரம், மெழுகு போன்றவற்றைப் படமெடுக்க அது சரியாக வரும். ஸ்டீலுக்கு வராது. ஏனென்றால் ஸ்டீலில் தெரியப்போவது அந்தத் துணியேதான். அதன் மடிப்பு, சுருக்கம், தையல் எல்லாம் பாட்டிலின்மேல் கோடு கோடாக விழும். தட்டையான முகம்பார்க்கும் கண்ணாடியாக இருந்தால் அந்தத் தூரத்துக் கோடுகள் ஃபோகஸில் இல்லாமல் மங்கியாவது போகும். வெளிப்பக்கம் வளைந்த பரப்பு எதிரே இருப்பதன் உருவத்தைச் சுருக்கித் தன் பரப்புக்கு மிக அருகில் கொண்டுவந்து வைக்கிறது, அதனால் பாட்டில் ஃபோகஸில் இருந்தால் மடிப்பும் ஃபோகஸில் இருக்கும். ஆகவே சுருக்கமில்லாத ட்ரேசிங் பேப்பர்தான் நல்லது. ஏ2 அளவுத் தாள், அதாவது 42 செ.மீ.க்கு 59.4 செ.மீ., ஒரு பாட்டிலுக்குத் தோதாக இருக்கும். பழைய அட்டைப்பெட்டியின் நடுவை வெட்டியெடுத்துச் சட்டமாக்கி, தாளை மேலிருந்து கீழாக விறைப்பாக இழுத்து ஒட்டிவிடுங்கள், இப்படி இரண்டு சட்டம் வேண்டும். தாளில் ஒட்டுப்போட வேண்டியிருந்தால் அந்த ஒட்டு கேமரா பக்கம் வராமல் பின்பக்கம் வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள், பாட்டிலின் விளிம்போரத்தில் அது ஒடுங்கிப் போய்விடும்.

இப்போது ஓர் உதாரணத்தை அளவோடு பார்ப்போம். பாட்டில் 7 செ.மீ. விட்டம், 25 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். போன் பாட்டிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பாட்டிலின் பாதி உயரத்துக்கு நேராக நிற்கட்டும். இரண்டு சட்டங்களையும் பாட்டிலுக்கு இருபுறமும், செங்குத்தாக, போனை நோக்கிக் குறுகும்படி நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் மூக்கு வெட்டப்பட்ட 'V' போல, வெட்டிய மூக்கு போன் பக்கம் இருக்கும்படி அமைய வேண்டும். பாட்டிலுக்கு நேராக வரும் இடத்தில் தாள் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பாட்டிலுக்கு முன்னால் 30 செ.மீ. தூரத்தில் இரண்டு தாள்களும் நெருங்கிவந்து, நடுவே 11 செ.மீ. இடைவெளி மட்டும் விட்டு முடியட்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் போன் பார்க்கும். பல்பு இரண்டும் தாள்களுக்கு வெளியே, பாட்டிலுக்கு நேர் பக்கவாட்டில் அல்லது கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கட்டும். அறையின் மற்ற விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஜன்னலையும் மூடுங்கள். எல்இடி பல்பு என்றால் தாளுக்கு அருகில் வைக்கலாம். சூடாகும் பழைய வகை பல்பை ட்ரேசிங் பேப்பரின் அருகே கொண்டுபோகவே வேண்டாம், தாள் தீப்பிடிக்கும்.

இந்த அமைப்பில் முதல் படம் எடுத்தவுடன் பாட்டிலின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அது நீங்கள் விட்ட இடைவெளி. 11 செ.மீ. இடைவெளி 30 செ.மீ. தூரத்தில் இருந்தால், 7 செ.மீ. அகலப் பாட்டிலில் அந்தக் கோடு சுமார் 6 மி.மீ. அகலத்துக்கு விழும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உருளையின் நடு எப்போதும் கேமராவைத்தான் பார்க்கும் என்பதால், பாட்டிலை எப்படித் திருப்பினாலும் இந்தக் கோட்டை அங்கிருந்து அகற்ற முடியாது. குறுக்க முடியும், ஒரு பக்கமாக அகலப்படுத்த முடியும், அவ்வளவுதான். என் அபிப்பிராயத்தில் நடுவில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடும் இருபுறமும் ஒரே அளவில் வெள்ளையும் இருப்பது கொஞ்சம் செயற்கையாக இருக்கும். ஒரு பக்கத்துத் தாளைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து அந்தக் கோட்டை ஒருபுறமாக அகலப்படுத்தினால், ஒரு பக்கம் அகலமான வெளிச்சம், அடுத்து ஒரு கறுப்புப் பட்டை, மறுபக்கம் ஒடுங்கிய வெளிச்சம் என்று ஓர் ஏற்ற இறக்கம் கிடைக்கும். பாட்டில் உருண்டையாக இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் கண்ணுக்குச் சொல்வது இந்த ஏற்ற இறக்கம்தான்.

அந்தக் கறுப்பு சுத்தமான கறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அறையை இருட்டாக்கச் சொன்னேன். இடைவெளிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு நீங்கள் நின்றால் அந்தக் கோட்டுக்குள் நீங்கள் தெரிவீர்கள். கறுப்பு உடை அணிந்துகொண்டு, இரண்டு விநாடி டைமரை வைத்துவிட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுங்கள். போனின் உறை வெளிர் நிறமாக இருந்தால் கழற்றிவிடுங்கள் அல்லது லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை முன்னால் மாட்டுங்கள். போனைப் பாட்டிலுக்கு அருகில் கொண்டுபோய் எடுக்காமல் ஒரு மீட்டர் தள்ளி வைத்து 2x ஜூமில் எடுக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். தூரம் கூடக்கூடப் பாட்டிலில் உங்கள் போனின் உருவம் சுருங்கும். அதோடு, அருகிலிருந்து எடுத்தால் பாட்டிலின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் அளவுக்கு மீறி வளைந்து தெரியும் கோளாறும் தீரும்.

பட்டை வந்துவிட்டது, ஆனால் பாட்டில் சாம்பல் பெயின்ட் அடித்த குழாய் மாதிரி இருக்கிறது என்றால் பல்பு தாளிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். தள்ளியிருக்கும் பல்பு தாள் முழுவதையும் ஒரே சீராக வெளிச்சமாக்கும், சீரான வெள்ளை அப்படியே ஸ்டீலில் விழும். பல்பைத் தாளுக்கு 15 அல்லது 20 செ.மீ. அருகில் கொண்டுவந்தால் தாளின் நடுப்பகுதி மிகுந்த வெளிச்சமாகி, ஓரங்களை நோக்கி மெதுவாக மங்கும். அந்த மங்கல் பாட்டிலிலும் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெதுவாக இறங்கும். ரொம்ப அருகில் போனால் தாளுக்குப் பின்னாலிருந்து பல்பின் வடிவமே தெரிய ஆரம்பிக்கும், பழைய புள்ளி மங்கலாகத் திரும்பி வரும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் தாளுக்கும் பல்புக்கும் பொருந்தும் தூரத்தைத் திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாளின் தடிமன், பல்பின் உருவம் இரண்டையும் பொறுத்து அது மாறும் என்பதால் நான் சொல்லும் எண்ணைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல்புக்குப் பதிலாக ஜன்னல் வெளிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்றால், நன்றாகவே பயன்படுத்தலாம். ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் வெள்ளை தெர்மாகோல் அட்டை என்று வைத்தாலே ஏற்ற இறக்கம் தானாக வந்துவிடும். ஆனால் ட்ரேசிங் பேப்பரை ஜன்னல் கம்பியோடு சேர்த்து ஒட்டாதீர்கள். நேர் வெயில் படும்போது கம்பியின் நிழல் தாளில் கூர்மையாக விழும், அது பாட்டிலிலும் வரும். வெயில் நேராகப் படாத நேரமாகப் பார்த்து, தாளைக் கம்பியிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளிப் பாட்டில் பக்கமாக நிறுத்தினால் நிழல் கரைந்துவிடும்.

வெள்ளைப் பின்னணியில் பாட்டிலின் ஓரம் கரைந்துபோவது அடுத்த தொல்லை. காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன்: ஓரத்தின் மூன்று பங்கு பின்னால் இருப்பதைப் பார்க்கிறது. பின்னால் சுவர் முழுக்க வெள்ளை என்றால் ஓரமும் வெள்ளை, அதற்கு அடுத்திருக்கும் பின்னணியும் வெள்ளை. பிறகு எது பாட்டில், எது சுவர் என்று எப்படித் தெரியும்? அதனால் பின்னணித் தாளைப் படத்தின் சட்டத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும் வைத்து, அதன் இருபுறமும், படத்தில் விழாத இடத்தில், கறுப்பு சார்ட்டைக் கைச்சாண் அகலத்துக்கு நிறுத்துங்கள். பாட்டிலின் இரண்டு ஓரங்களிலும் பென்சிலால் வரைந்த மாதிரி ஒரு கருமையான கோடு உடனே வரும். கறுப்பு அட்டையைப் பாட்டிலை நோக்கிக் கொண்டுவந்தால் அந்தக் கோடு தடிக்கும், தள்ளினால் மெலியும். ஸ்டீலுக்குப் பின்னணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று விற்பனைத் தளம் கட்டாயப்படுத்தவில்லை என்றால், வெளிர் சாம்பல் சார்ட்டைப் பரிந்துரைப்பேன். ஸ்டீலின் வெள்ளைப் பட்டையும் கறுப்புக் கோடும் இரண்டும் அதில் எடுப்பாகத் தெரியும். தாளை மேசையில் விரித்து, பின்பக்கத்தை மடிக்காமல் வளைத்து மேலே ஏற்றுங்கள். மடித்தால் அந்த மடிப்பு ஒரு கோடாகப் படத்தில் நிற்கும்.

தரையும் மூடியும் தனிக் கதை. போனைப் பாட்டிலைவிட உயரத்தில் வைத்துச் சற்றுக் குனிந்து பார்த்தால், செங்குத்தான பாட்டில் சுவர் அந்தப் பார்வையை அப்படியே கீழ்நோக்கி அனுப்பும். அப்போது பாட்டிலின் அடிப்பகுதியில் தெரிவது மேசை. மேசை விரிப்பில் பூப்போட்டிருந்தால் பாட்டிலிலும் பூப்போட்டிருக்கும். அதனால் பின்னணித் தாள் பாட்டிலுக்கு முன்னாலும் நன்றாக நீண்டு, தாள்கள் குறுகும் இடம் வரை வர வேண்டும். குவிந்த மூடி, பாட்டிலின் தோள் இரண்டும் கூரையைப் பார்க்கின்றன. மூன்றாவது ட்ரேசிங் பேப்பர் ஒன்றை இரண்டு சட்டங்களுக்கும் மேலே கூரையாகப் போட்டுவிட்டால் அங்கே தெரியும் மின்விசிறியும் ட்யூப்லைட்டும் மறைந்துவிடும். அதற்குத் தனி விளக்கு தேவையில்லை, பக்கத்து வெளிச்சம் சிதறி வந்தே அதை வெளுப்பாக்கும்.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாட்டிலில் எழுத்து அல்லது விளிம்பு இருக்கும் இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு எக்ஸ்போஷரைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, பட்டையின் மிக வெளிச்சமான இடத்தில் வெள்ளை வெறுமையாகப் போகாமல் மெல்லிய சாயல் மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். வெறுமையாகிப்போன வெள்ளையைப் பிற்பாடு எந்த எடிட்டிங்கும் மீட்டுத் தராது, இருட்டாக இருப்பதை ஏற்றிவிடலாம். இரண்டு பல்புகளும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் பாட்டிலின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும், ஒயிட் பேலன்ஸை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம்தான் சரியாகும். ஜன்னல் வெளிச்சத்தோடு பல்பைக் கலந்தாலும் இதே கதைதான். போனின் ஃப்ளாஷை அணைத்தே வையுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தச் சின்ன விளக்கு பாட்டிலின் நடுக்கோட்டை ஒட்டியே புள்ளியாக விழும்.

பாட்டிலைத் துடைத்துவிட்டு மெல்லிய பருத்திக் கையுறையோடு எடுத்து வையுங்கள். பெரிய மென்மையான வெளிச்சத்தில் விரல் ரேகை வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெளிவாகப் படத்தில் தெரியும்.

இனி ஜாடி. கண்ணாடிக்கு முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் அதன் பெரும்பகுதி உள்ளே நுழைந்து மறுபக்கம் போய்விடும். மேல்பரப்பில் தங்குவது ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும். அதனால்தான் உங்கள் ஜாடி கரைகிறது, ஆனால் கிளேர் மட்டும் மிஞ்சுகிறது. கண்ணாடிக்கு வடிவம் தருவது அதன் ஓரம். ஓரத்தில் கண்ணாடி வளைந்து, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விலக்கி, நேர் பின்னால் இருப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் தள்ளியிருப்பதைக் காட்டும். நடுவில் வெளிச்சமும் பக்கத்தில் இருட்டும் வைத்தால் ஓரம் கறுப்பாக வரையப்படும். இதை அப்படியே அமைத்துவிடலாம். ஒரு ட்ரேசிங் பேப்பர் சட்டத்தை ஜாடிக்கு 40 அல்லது 50 செ.மீ. பின்னால் நிறுத்தி, அதற்கும் பின்னால் பல்பை வையுங்கள். முன்பக்கம் விளக்கே வேண்டாம். படத்தின் சட்டத்துக்குள் விழும் அகலத்துக்கு மட்டும் தாளைத் திறந்து விட்டு, மிச்சத்தைக் கறுப்பு சார்ட்டால் இருபுறமும் மறையுங்கள். ஜாடிக்கு ஜோராக, கறுத்த, மெல்லிய விளிம்பு வந்துவிடும்.

இங்கே எல்லோரும் இடறுவது தாளைப் பெரிதாக விட்டுவிடுவதில். வெளிச்சமான தாள் படத்தைவிட ரொம்ப அகலமாக இருந்தால் ஓரத்துக்குக் காட்ட இருட்டே கிடைக்காது, விளிம்பு மறுபடியும் கரையும், கூடவே லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறிப் படம் முழுக்க வெளிறிப்போகும். விளிம்பு மங்கினால் முதலில் கறுப்பு அட்டைகளைப் படத்தின் எல்லை வரை நெருக்கிப் பாருங்கள். அப்போதும் மங்கலாக இருந்தால் ஜாடியைத் தாளிலிருந்து இன்னும் முன்னால் இழுங்கள். இதற்கு நேர் எதிரான அமைப்பும் உண்டு. நடுவில் கறுப்பு அட்டை, அதைச் சுற்றி வெளிச்சம் என்று வைத்தால் கறுப்புப் பின்னணியில் ஜாடியின் ஓரம் வெள்ளைக் கோடாக மின்னும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் தூசி ஒவ்வொன்றும் நட்சத்திரமாகத் தெரியும் என்பதால் விற்பனைப் படத்துக்கு முதலில் வெள்ளை முறையையே முயன்று பாருங்கள்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். அதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இரண்டு. உலோகத்தின் பிரதிபலிப்பை அது அநேகமாக ஒன்றும் செய்யாது, ஆகவே ஸ்டீலுக்காக வாங்க வேண்டாம். கண்ணாடியின் பிரதிபலிப்பை அது நன்றாகவே வெட்டும், ஆனால் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுமையாக வெட்டும். தட்டையான கண்ணாடிப் பலகைக்கு அந்தச் சாய்வைப் பிடித்துவிடலாம். உருண்டையான ஜாடியில் அந்தச் சாய்வு இருபுறமும் ஒரு மெல்லிய பட்டைக்குத்தான் அமையும், மற்ற இடத்துப் பிரதிபலிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஜாடியின் முன்பக்கத்தில் மிஞ்சும் பிரதிபலிப்புக்கு நல்ல மருந்து இருட்டான அறையும் கறுப்பு உடையும்தான்.

இந்த முறைக்கு எல்லை இருக்கிறது. முழு உருண்டையான ஸ்டீல் கிண்ணம், பந்து வடிவக் கெட்டில் போன்றவை பக்கவாட்டோடு மேலும் கீழும் சேர்த்துப் பார்ப்பதால், தாள்களின் சட்ட விளிம்பு எங்கேயோ ஓரிடத்தில் கட்டாயம் தெரியும். லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டுச் சுற்றிலும் தாளால் மூடினாலும் அந்த ஓட்டை நடுவில் கறுப்புப் புள்ளியாக நிற்கும், அதை எடிட்டிங்கில்தான் அழிக்க வேண்டும். மாறாக, கோடு கோடாகத் தேய்த்த மேட் ஸ்டீல் இவ்வளவு பாடுபடுத்தாது. அதில் உருவம் எதுவும் தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் தேய்த்த கோடுகளுக்குக் குறுக்காக நீண்டு விழும். அதற்கு ஒரு தாளும் ஒரு பல்பும் போதும். பளபளப்பைக் குறைக்க மேலே தூவும் ஸ்ப்ரேயை நான் விற்பனைப் பொருளுக்குச் சொல்வதில்லை. அது ஸ்டீலின் பாலிஷையே மறைத்து, வாங்குபவர் கையில் கிடைக்கும் பொருளும் படமும் வேறுவேறாகிவிடும்.

ஜாடியில் லேபிள் ஒட்டியிருந்தால் பின்வெளிச்சத்தில் அது கறுத்துவிடும். ஜாடிக்கு முன்னால், படத்துக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும் சின்ன வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்துப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தையே லேபிள்மேல் திருப்புங்கள். அந்த அட்டையும் கண்ணாடியில் ஒரு பட்டையாகத் தெரியும். அதை லேபிளின் ஓரத்தோடு ஒட்டி விழும்படி நகர்த்தினால் தனியாக உறுத்தாது. அதற்கும் எழுத்து தெளிவாக வரவில்லை என்றால் போனை அசைக்காமல் லேபிளுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து, லேபிள் பகுதியை மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளலாம்.